கனடாவில் இரண்டு, அவுஸ்திரேலியாவில் பத்து: ஓர் அரைப்போத்தல் சாராயத்தின் கணக்கு

வன்னியில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் மெல்பேர்னில் இருப்பார். ஊருக்கு வந்தால் குடியைப் பற்றிய கதையும் வரும். கனடாக்காரர், "எங்கட டொக்டர் கிழமைக்கு இரண்டு கிளாஸோட நிப்பாட்டச் சொல்லுறார்" என்பார். அவுஸ்திரேலியாக்காரர், "எங்களுக்குப் பத்து மட்டும் பிரச்சினையில்லை" என்பார். லண்டன்காரர் பதினாலு என்பார். கிளிநொச்சியில் இருக்கும் மச்சான் மூன்றையும் கேட்டுவிட்டு, "உவங்களுக்கே ஒண்டும் தெரியாது, நான் என்ர பாட்டில குடிக்கிறன்" என்று முடித்துவிடுவார். இந்த முடிவை நான் பல முற்றங்களில் கேட்டிருக்கிறேன். அந்த நாடுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கிளாஸ். இந்த எண்ணிக்கைகள் எல்லாம் அந்தந்த நாட்டின் "அளவு கிளாஸ்" கணக்கு. அது நம் கையில் இருக்கும் கிளாஸ் இல்லை. அதற்குள் எத்தனை கிராம் தூய மதுசாரம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. பிரித்தானியாவின் ஓர் அலகில் 8 கிராம். அவுஸ்திரேலியாவில் 10 கிராம். கனடாவில் 13.45 கிராம், அமெரிக்காவில் 14 கிராம், ஜப்பானில் 20 கிராம். ஆக, லண்டன்காரரின் பதினாலையும் மெல்பேர்ன்காரரின் பத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. கிராமுக்கு மாற்றினால் பதினாலு அலகு 112 கிராம், பத்து கிளாஸ் 100 கிராம். இடைவெளி அவ்வளவுதான்.

இனி நம்மூர்ப் போத்தலுக்கு வருவோம். போத்தலில் 33.5 சதவீதம் என்று போட்டிருக்கும் சாராயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரைப்போத்தல் என்றால் 375 மில்லிலீற்றர். அதில் 33.5 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 126 மில்லிலீற்றர் தூய மதுசாரம். மதுசாரம் தண்ணீரை விடப் பாரம் குறைந்தது, ஒரு மில்லிலீற்றர் 0.79 கிராம்தான். 126ஐ 0.79ஆல் பெருக்கினால் 99 கிராம் வரும்.

அவுஸ்திரேலியாவின் சுகாதார ஆய்வு மன்றம் 2020இல் ஒரு முழுக் கிழமைக்கு வைத்த எல்லையும் 100 கிராம்தான். கலியாண வீட்டுக்குப் பின்னால், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரே இரவில் முடிக்கும் அரைப்போத்தல், அங்கே ஏழு நாளுக்கான கணக்கு. அதையும் ஒரே நாளில் முடிக்க அந்த வழிகாட்டி விடவில்லை. ஒரு நாளுக்கு நாலு கிளாஸுக்கு மேல் போகக்கூடாது என்று சேர்த்தே சொல்கிறது. பிரித்தானிய வழிகாட்டியும் பதினாலையும் குடிப்பவர்கள் அதைக் குறைந்தது மூன்று நாளுக்காவது பரப்பிக் குடிக்கச் சொல்கிறது. கிழமைக்கணக்கு என்பது ஐந்து நாள் சேமித்து வெள்ளிக்கிழமை செலவழிக்கிற கணக்கு இல்லை.

பியரும் இதே கதைதான். 8.8 சதவீதம் என்று போட்ட 500 மில்லிலீற்றர் கான் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் இருக்கிறது. "பியர்தானே" என்று இளசுகள் வாங்கும் அந்த ஒரு கான், அவுஸ்திரேலியக் கிளாஸில் மூன்றரை.

சரி, பிறகு ஏன் கனடாவில் இரண்டு? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

2011இல் கனடாவின் வழிகாட்டி ஆண்களுக்குக் கிழமைக்குப் பதினைந்து கிளாஸ், பெண்களுக்குப் பத்து என்று சொன்னது. 2023இல் போதைப்பொருள் பாவனை குறித்த கனடிய நிலையம் அந்தக் கணக்கை மாற்றி எழுதியது. ஒன்று இரண்டு கிளாஸ் குறைந்த ஆபத்து, மூன்று முதல் ஆறு வரை நடுத்தர ஆபத்து, ஏழும் அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போகும் ஆபத்து. மனித உடம்பு பன்னிரண்டு வருடத்தில் மாறவில்லை. கேட்ட கேள்விதான் மாறியது. பழைய வழிகாட்டி, குடிக்காதவரோடு ஒப்பிடும்போது நன்மையும் தீமையும் எந்த இடத்தில் சமப்படுகிறது என்று தேடியது. புதியது, குடியால் முன்கூட்டிச் சாகும் வாய்ப்பு எந்த அளவில் ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டுகிறது, எந்த அளவில் நூறில் ஒன்றைத் தாண்டுகிறது என்று தேடியது. ஆயிரத்தில் ஒன்று என்று பார்த்தால் இரண்டு கிளாஸ். நூறில் ஒன்று என்று பார்த்தால் ஆறு.

அவுஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் எடுத்துக்கொண்டதும் ஏறத்தாழ அதே நூறில் ஒன்றுதான். அப்படியென்றால் கனடாவின் இரண்டோடு அவுஸ்திரேலியாவின் பத்தை ஒப்பிடுவது தவறு, ஆறோடுதான் ஒப்பிட வேண்டும். கனடாவின் ஆறு கிளாஸ் 81 கிராம். அவுஸ்திரேலியா 100, பிரித்தானியா 112. மூன்று நாடுகளும் தத்தம் மக்களுக்காகக் கணக்குப் போட்டு இவ்வளவு கிட்டவாக வந்திருக்கின்றன. நமது முற்றத்துச் சண்டையில் யாரும் பார்க்காத ஒற்றுமை இது.

எது "குறைந்த" ஆபத்து என்பதை ஆய்வுகூடம் தீர்மானிப்பதில்லை. நூறில் ஒன்று பரவாயில்லை என்று ஒரு நாடு சொல்கிறது, ஆயிரத்தில் ஒன்றுதான் பரவாயில்லை என்று இன்னொரு நாடு சொல்லலாம். அது சமூகம் எடுக்கும் முடிவு. ஜேர்மனியின் போசாக்குச் சங்கம் 2024இல் ஒரேயடியாக மதுசாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2023இல் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்றது. புற்றுநோயை வைத்துப் பார்த்தால் அது சரியான பேச்சு, ஏனென்றால் எந்த அளவுக்குக் கீழே ஆபத்து இல்லாமல் போகிறது என்று காட்ட ஆதாரம் கிடையாது. மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1988இலேயே உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாகச் சொன்ன விஷயம்.

அப்படியானால் விவாதம் எங்கே மிச்சம் இருக்கிறது? இருதயத்தில்.

பல பத்தாண்டுகளாக வந்த ஆய்வுகளில், கொஞ்சமாகக் குடிப்பவர்கள் ஒன்றுமே குடிக்காதவர்களை விடக் குறைவாகச் சாவதுபோல் தெரிந்தது. "கொஞ்சம் இருதயத்துக்கு நல்லது" என்ற கதை அங்கிருந்து வந்தது. ஆனால் அந்தக் "குடிக்காதவர்கள்" யார்? வாழ்நாளில் தொடாதவர்களோடு, ஈரல் பழுதாகி வைத்தியர் நிறுத்தச் சொன்னதால் விட்டவர்களும் அந்தக் கூட்டத்துக்குள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நம்மூரில் யோசித்துப் பாருங்கள். இன்றைக்குக் குடிக்காத ஐம்பது வயது ஆண்களில் எத்தனை பேர் ஏற்கெனவே குடித்து, உடம்பு கெட்டு, நிறுத்தியவர்கள்? அந்த ஆட்களை ஒரு பக்கம் வைத்து ஒப்பிட்டால், மறுபக்கத்தில் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமானவராகத்தான் தெரிவார். அதோடு, அந்த நாடுகளில் அளவாகக் குடிப்பவர்களுக்கு வருமானமும் நல்ல சாப்பாடும் கூடவே இருப்பது வழக்கம். 2023இல் 107 ஆய்வுகளைச் சேர்த்து இந்தக் கோளாறுகளைச் சரிசெய்து பார்த்தபோது, அந்தப் பாதுகாப்பு என்று நம்பத்தக்கதாக எதுவும் மிஞ்சவில்லை.

சீனாவில் இன்னொரு வழியில் பார்த்தார்கள். அங்கே பலருக்குப் பிறப்பிலேயே வரும் ஒரு மரபணு மாற்றத்தால் கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். அதனால் அவர்கள் குறைவாகக் குடிப்பார்கள். யாருக்கு எந்த மரபணு என்பது பணத்தையோ பழக்கத்தையோ பார்த்து வருவதில்லை. 2019இல் வந்த அந்த ஆய்வில் குடி கூடக்கூட இரத்த அழுத்தமும் பக்கவாதமும் நேராகக் கூடிக்கொண்டே போயின. நடுவில் கொஞ்சம் குடித்தால் பாதுகாப்பு என்று ஒரு பள்ளம் பக்கவாதக் கணக்கில் இல்லவே இல்லை.

ஆனாலும் கதவு முழுதாக மூடப்படவில்லை. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் அறிக்கை ஒன்று, முன்பு குடித்து விட்டவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தும் அளவான குடியோடு மரணம் குறைவாகத் தெரிவதாகச் சொன்னது, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்றும் சொன்னது. அடுத்த மாதமே அரசின் இன்னொரு குழு, சிறிய அளவிலிருந்தே ஆபத்து ஏறுகிறது என்று வரைவு அறிக்கை வெளியிட்டது. இதைத் தீர்க்க நேரடியான பரிசோதனை ஒன்று வேண்டும்: ஆயிரக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினரைக் குடிக்க விட்டு, மறுபகுதியினரை நிறுத்தி, வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். மதுசாரக் கம்பனிகளின் பணம் அதில் எப்படி வந்தது என்பது வெளியே தெரிந்ததும் 2018இல் நிறுத்திவிட்டார்கள்.

இந்த விவாதம் நடப்பது நாளுக்கு ஒரு கிளாஸ், மிஞ்சினால் இரண்டு என்ற பரப்பில். 99 கிராமை ஓரிரவில் குடிப்பது நல்லதா என்று உலகத்தில் எந்த விஞ்ஞானியும் விவாதிக்கவில்லை. "அவங்களுக்கே தெரியாது" என்று மச்சான் சொல்லும்போது, ஒரு கிளாஸைப் பற்றிய சந்தேகத்தை அரைப்போத்தலுக்குக் கடன் வாங்குகிறார். எனக்குக் கோபம் வரும் இடம் அதுதான். இந்தக் கடன்வாங்கல் குடிப்பவர் மட்டும் செய்வதில்லை, ஊற்றிக்கொடுக்கும் சொந்தக்காரரும் செய்கிறார்.

இன்னொன்று, இருதய நன்மை என்று ஒன்று இருந்தாலும் அது வயதானவர்களுக்கான பேச்சு. 2022இல் வந்த உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு, நாற்பதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்தப் பிரதேசத்திலும் அந்த நன்மை கிட்டத்தட்ட இல்லை என்று கண்டது. அந்த வயதில் குடியால் வரும் கேடு பெரும்பாலும் விபத்தாலும் காயத்தாலும்தான் வருகிறது. ஏ9 வீதியில் இரவில் மோட்டார் சைக்கிள் ஓடும் பொடியனுக்குக் கிழமைக்கணக்கு என்பதே பொருந்தாது. அவனுக்கு அன்றிரவின் கணக்கு மட்டும்தான்.

கள்ளைப் பற்றிக் கேட்பீர்கள். தவறணைக் கள்ளில் சதவீதம் போட்ட லேபல் இல்லை. காலையில் இறக்கியதும் பின்னேரம் வரை வைத்ததும் ஒன்றல்ல, புளிக்கப் புளிக்க மதுசாரம் கூடும். 5 சதவீதம் என்று வைத்தால் 750 மில்லிலீற்றர் போத்தலில் 30 கிராம் வரும். அது ஒரு மட்டுக்கணக்கு மட்டுமே. "இயற்கையானது" என்பதால் கிராம் குறைவதில்லை. கசிப்புக்கு இந்த மட்டுக்கணக்குக்கூடப் போட முடியாது, உள்ளே எவ்வளவு, என்ன இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது.

இதை வாசித்துவிட்டு யாராவது நாளைக்கே முழுதாக நிறுத்த நினைத்தால் ஒரு விஷயம் கட்டாயம் கவனியுங்கள். நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை வரலாம், சிலருக்கு முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும், ஆள் தெரியாமல் பிதற்றுவதும் வரலாம். அது உயிருக்கு ஆபத்தானது. காலையில் எழும்பியதும் கை நடுங்கி, குடித்தால்தான் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் குறைத்து நிறுத்துவதற்கு மருந்து இருக்கிறது.