மூணு வாட்ச் கட்டின நண்டு

சீன இணையத்துல பழைய மீம் ஒண்ணு இருக்கு, ஒரு ஆத்து நண்டு, உடம்புல மூணு வாட்ச் கட்டிருக்கும், அவ்ளோதான் படம். இதை நம்மாளுங்களுக்கு விளக்குறவங்க "சீனத்துல நண்டும் நல்லிணக்கமும் ஒரே மாதிரி கேக்கும்"னு ஆரம்பிச்சு அங்கயே முடிச்சிடுறாங்க. கேக்குறவன் "ஓ சரி"னு போயிடுவான், சிரிக்க மாட்டான். சிலேடையை விளக்கணும்னா சத்தத்துல ஆரம்பிக்கவே கூடாதுங்கறது என் கருத்து. அது எதை மறைக்குதுன்னு முதல்ல சொல்லணும்.

2004ல சீன அதிபர் ஹூ ஜின்டாவோ ஆட்சியில "நல்லிணக்க சமுதாயம்"னு ஒரு கொள்கை வந்துச்சு. அந்தப் பேரைச் சொல்லித்தான் இணையத்துல பதிவுகளைத் தூக்குறாங்கன்னு ஜனங்க நினைச்சாங்க. அதனால பதிவு காணாம போனா "என்னை நல்லிணக்கம் பண்ணிட்டாங்க"னு எழுத ஆரம்பிச்சாங்க. அப்புறம் அந்த வார்த்தையே தணிக்கை வடிகட்டில மாட்ட ஆரம்பிக்கவும் நண்டு உள்ள வந்துச்சு.

இப்போதான் சத்தத்துக்கு வரணும். நல்லிணக்கம் "ஹ-ஷியே", ஆத்து நண்டும் "ஹ-ஷியே", ஆனா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு இல்ல. நல்லிணக்கத்துல கடைசி அசைக்குக் குரல் ஏறும், நண்டுல இறங்கும். பேசும்போது வித்தியாசம் தெரியும், டைப் பண்ணும்போது தெரியாது, ஏன்னா கீபோர்டுல ஏத்த இறக்கம் இல்லாம hexie-ன்னுதான் அடிப்பாங்க, ரெண்டு வார்த்தையும் வரிசையா வந்து நிக்கும். நம்ம போன்ல palam-னு அடிச்சா பலம், பழம், பாலம்னு வருதே, அதேதான். இந்த ஒரு உதாரணத்தைச் சொன்னா யாருக்கும் சட்டுனு புரிஞ்சிடும்.

வாட்ச் கதை வேற. ஹூ ஜின்டாவோவுக்கு முன்னாடி அதிபரா இருந்த ஜியாங் ஜெமின் 2000ல கொண்டுவந்த கொள்கைக்குப் பேரு "மூன்று பிரதிநிதித்துவங்கள்", கட்சி எந்த மூணு விஷயத்துக்குப் பிரதிநிதின்னு சொல்றது. பிரதிநிதித்துவம்ங்கறதுக்கு "தை-பியாவ்", வாட்ச் கட்டுறதுக்கும் "தை-பியாவ்". இதுல ஏத்த இறக்கம்கூட ஒண்ணுதான். வார்த்தை வரிசையை மட்டும் கொஞ்சம் மாத்தி "மூணு வாட்ச் கட்டிருக்கு"னு ஆக்கிட்டாங்க. ஆக ஒரே நண்டு மேல ரெண்டு தலைவர்களோட கொள்கையும் உக்காந்திருக்கு!

இதுக்குப் பதிலா தமிழ்ல ஒரு சிலேடை செஞ்சு போடலாம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு உடன்பாடே இல்ல. சிரிப்பு வரலாம், ஆனா வடிகட்டிக்குப் பயந்து வார்த்தையை மாத்தி எழுதுன அந்தக் காரணம் போயிடும். 2010 நவம்பர்ல, சீன அரசை விமர்சிக்கிற கலைஞர் ஐ வெய்வெய்யோட ஷாங்காய் ஸ்டுடியோவை இடிக்கப் போறாங்கன்னு ஆனதும் அவர் அங்க நண்டு விருந்துக்குக் கூப்பிட்டாரு, அவரை பெய்ஜிங் வீட்டை விட்டு வெளிய விடல, ஆனா வந்தவங்க நண்டு சாப்பிட்டாங்க. அங்க கோழி போட்டிருந்தா அது வெறும் விருந்து.

விளக்கி முடிச்சதும் ஒண்ணு கேட்டுப் பாருங்க, நண்டு ரெண்டு வாட்ச் மட்டும் கட்டிருந்தா என்ன ஆகும்னு. "பாதி ஜோக் செத்துடும், ஹ-ஷியே மட்டும் மிஞ்சும்"னு சொன்னா அவருக்குப் புரிஞ்சிடுச்சு. "கொஞ்சம் கம்மியா சிரிப்பு வரும்"னு சொன்னா திரும்ப 2000ல இருந்து ஆரம்பிங்க.