ஜிங்க் பாஸ்பேட் மட்டுமா அமிலம்?

பல்லின் மேல் கிரவுன் என்ற உறையை ஒட்டும் சிமென்ட்களைப் பற்றி ஒரு பேச்சு: “ஜிங்க் பாஸ்பேட் அமிலம், பல்கூழைக் கெடுக்கும். கிளாஸ் அயனோமர் போட்டால் கூச்சமே வராது.”

பாதிதான் சரி. ஜிங்க் பாஸ்பேட் கலந்த புதிதில் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும், பிறகு 1–2 நாளில் நடுநிலையை நெருங்கும். கிளாஸ் அயனோமரும் தொடக்கத்தில் அமிலம்தான். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினைக் காற்றடித்து வறவற என்று காயவைத்தால் அதிலும் கூச்சம் வரும். பஞ்சால் ஒற்றி, லேசான ஈரப் பளபளப்போடு விடுங்கள். ஜிங்க் பாஸ்பேட்டில் திரவம் மிகுந்த தளர்ந்த கலவைதான் வில்லன். குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பரப்பிக் கலக்கணும்.

கிரவுன் இரண்டு முறை கழன்றது என்று ஒருவர் சொல்லியிருந்தார். அவருக்கு: செதுக்கிய பல் குட்டையாக, சரிவும் அதிகமாக இருந்தால் ஜிங்க் பாஸ்பேட் பிடிக்காது, ஒட்டும் ரெசினைக் கேளுங்கள். யூஜெனால் உள்ள தற்காலிக சிமென்ட் மிச்சம் இருந்தால் அந்த ரெசினும் சரியாக இறுகாது.