"உங்கள் விவரங்களைப் பதிவில் வைத்திருக்கிறோம்" என்று மெயில் வந்தால்

இன்டர்வியூ முடிந்து சில நாள் கழித்து வரும் அந்த மெயிலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, இந்த முறை வேறொருவரைத் தேர்வு செய்திருக்கிறோம், உங்கள் விவரங்களைப் பதிவில் வைத்திருக்கிறோம், பொருத்தமான வாய்ப்பு வந்தால் தொடர்புகொள்கிறோம். இதில் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பல வருடம் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து இதே மெயிலை அனுப்பியவன் நான். பெரும்பாலும் அதன் பொருள் 'இல்லை' என்பதுதான். அதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது.

அந்த வரி பொய்யும் இல்லை. விவரங்கள் உண்மையிலேயே இருக்கும். ஓரளவு பெரிய நிறுவனம் என்றால் விண்ணப்பங்களெல்லாம் ஒரு மென்பொருளில்தான் வந்து விழும். ரெக்ரூட்டர் உங்கள் பெயரைத் திறந்து, 'ரிஜெக்ட்' என்ற நிலைக்கு மாற்றி, காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பார்: அனுபவம் போதாது, சம்பள எதிர்பார்ப்பு அதிகம், வேறொருவர் கூடுதலாகப் பொருந்தினார், இப்படி. நிலை மாறியதும் அதற்கென்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் டெம்ப்ளேட் மெயில் கிளம்பிவிடும். பதிவில் வைத்திருக்கிறோம் என்ற வரி அந்த டெம்ப்ளேட்டிலேயே இருக்கிறது. முதல் சுற்றில் பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பப்பட்டவருக்கும், கடைசிச் சுற்றில் மயிரிழையில் தவறவிட்டவருக்கும் பல இடங்களில் போவது ஒரே மெயில்தான்.

இன்னொன்று, அந்தப் பதிவை வைத்திருப்பது உங்களுக்காகவும் இல்லை. அமெரிக்காவில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் விண்ணப்பப் பதிவுகளைக் குறைந்தது 1 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இனம், பாலினம், மதம் பார்த்து ஒதுக்கினார்கள் என்று யாராவது புகார் கொடுத்தால் எடுத்துக் காட்டத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது நேர்மாறாகப் போகும். 2018-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி தேவைக்கு மேல் யாருடைய விவரத்தையும் வைத்திருக்கக் கூடாது. அதனால் அங்கே வருங்கால வேலைகளுக்காக வைத்திருக்கலாமா என்று பல நிறுவனங்கள் தனியாகச் சம்மதம் கேட்கும், குறிப்பிட்ட காலம் போனதும் அழித்துவிடும். ஆக, கோப்பு இருப்பதற்கும் உங்களைக் கூப்பிடுவதற்கும் தொடர்பு குறைவு.

சரி, கோப்பு இருக்கிறதே, அடுத்த வேலை வரும்போது அதைத் திறந்து பார்க்க மாட்டார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். சோம்பல் மட்டும் காரணம் இல்லை. புதிய வேலைக்கு விளம்பரம் போட்டதுமே புதிய விண்ணப்பங்கள் குவிந்துவிடும். அவர்கள் இப்போது வேலை தேடுகிறார்கள் என்பது உறுதி. பழைய பட்டியலில் இருப்பவர் வேறு வேலையில் சேர்ந்திருக்கலாம், சம்பளம் மாறியிருக்கலாம், ரெஸ்யூம் பழசாகியிருக்கும். அவரைத் தேட வேண்டுமென்றால் யாராவது அப்போதே 'நல்ல ஆள், அடுத்த முறை பார்க்கலாம்' என்று குறிப்பு போட்டிருக்க வேண்டும். அப்படிப் போடுபவர்கள் குறைவு. போட்ட ரெக்ரூட்டரே வேலை மாறிப் போய்விட்டால், புதிதாக வந்தவருக்கு உங்கள் பெயர் ஆயிரத்தில் ஒன்று.

ஆனால் ஒரே ஒரு நிலையில் அந்த வரிக்கு உயிர் உண்டு. நீங்கள் இரண்டாவது இடத்தில் இருந்தால்.

எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் ஒரு மேலாளர் வேலை. கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கு ஆஃபர் போனது, அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பழைய இடத்தில் அவருக்கு இரண்டு மாத நோட்டீஸ் பீரியட். இரண்டாவதாக நின்ற பெண்ணை முதலில் ஹோல்டில்தான் வைத்திருந்தோம். கையெழுத்து வந்த பிறகே அவருக்கு மெயில் போனது, அதே டெம்ப்ளேட். அவர் மறுநாளே நாலு வரியில் பதில் போட்டார். முடிவுக்கு நன்றி, அந்த வேலை தனக்குப் பிடித்திருந்தது, தேர்வானவர் சேர முடியாமல் போனாலோ அதே பிரிவில் இன்னொரு இடம் வந்தாலோ பேசத் தயார், தன்னுடைய நோட்டீஸ் ஒரு மாதம். அவ்வளவுதான். ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அதை அந்த வேலைக்கு ஆள் எடுத்த மேலாளருக்கும் அனுப்பியிருந்தார். இன்டர்வியூ நேரத்தில் மேலாளரே மெயிலில் பேசியிருந்ததால் முகவரி அந்தப் பெண்ணிடம் இருந்தது.

ஒன்றரை மாதம் போன பிறகு முதல் ஆள், பழைய நிறுவனமே சம்பளத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டது, வரவில்லை என்று சொல்லிவிட்டார். இது அடிக்கடி நடப்பதுதான். மேலாளர் என்னிடம் முதலில் கேட்டது, "அந்த ரெண்டாவது பொண்ணு இன்னும் இருக்காங்களா?" கோப்பைப் பார்த்து அவருக்கு அந்த ஞாபகம் வரவில்லை. அந்த நாலு வரி பதில்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. அன்று மாலையே போன் போட்டோம். பதில் போடாமல் இருந்திருந்தால் நாங்கள் புது விளம்பரம்தான் போட்டிருப்போம் என்று எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம்.

அப்போது நமக்கு வந்த மெயில் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த வரியை விட்டுவிட்டு அதைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். உங்கள் பெயரும் வேலையின் பெயரும் தவிர உங்களைப் பற்றி வேறெதுவும் இல்லையென்றால் அது டெம்ப்ளேட். நீங்கள் இன்டர்வியூவில் பேசிய ஏதோ ஒன்று அதில் இருந்தால், 'அடுத்த காலாண்டில் இன்னொரு இடம் திறக்கும்' என்று காலம் குறித்திருந்தால், மெயிலுக்குப் பதிலாக யாராவது போனில் கூப்பிட்டுச் சொன்னால், அங்கே உண்மையான ஆர்வம் இருக்கலாம். பதில் வரும் நேரமும் ஒரு குறி. கடைசிச் சுற்று முடிந்த மறுநாளே மறுப்பு வந்தால் போட்டியில் நீங்கள் இல்லை. மூன்று நாலு வாரம் இழுத்து வந்தால் முதல் ஆளின் கையெழுத்துக்காக உங்களை நிறுத்தி வைத்திருக்கலாம். எச்.ஆர். விடுமுறையில் போயிருந்தாலும் இதே தாமதம்தான், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்த வகையாக இருந்தாலும் அதே நிறுவனத்தில் அடுத்த விளம்பரம் வந்தால் புதிதாக விண்ணப்பியுங்கள். 'என் விவரம்தான் அவர்களிடம் இருக்கிறதே' என்று இருந்துவிடாதீர்கள். புதிய வேலைக்குப் புதிய பட்டியல் திறக்கும், பழைய பதிவு தானாக அதற்குள் நகராது. விண்ணப்பத்தில் இன்ன மாதம் இன்ன வேலைக்குக் கடைசிச் சுற்று வரை வந்தேன் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் ரெக்ரூட்டர் உங்கள் பழைய பதிவைத் தேடித் திறப்பார். சில நிறுவனங்களில் மறுக்கப்பட்டவர் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று கட்டுப்பாடு உண்டு, அதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் எடுக்கும் பக்கம் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். டெம்ப்ளேட்டை இரண்டாகப் பிரிப்பதில் என்ன கஷ்டம்? முதல் சுற்றில் போனவருக்கு அந்த வரி வேண்டாம், நன்றியோடு 'இல்லை' என்று முடித்துவிடுங்கள். இரண்டாவதாக நின்றவருக்கு மட்டும் அதை வையுங்கள், கூடவே எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யாருக்கு எழுத வேண்டும் என்று ஒரு பெயரும் மெயில் முகவரியும் கொடுங்கள். மென்பொருளில் அதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும்.