அட்வான்ஸ் வாங்கிய ‘நான்’ யார்?

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணனும் அவரும் சேர்ந்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். குடிவந்தவர் கொடுத்த 50,000 ரூபாய் அட்வான்ஸை யார் வாங்கியது என்று தகராறு. சொந்தக்காரர்கள் கூடிப் பேசியபோது அண்ணன் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அக்கா அதைப் புகார் மனுவில் இப்படி எழுதச் சொல்லியிருக்கிறார்:

“அட்வான்ஸ் தொகையை நான் வாங்கினேன் என்று என் அண்ணன் சொன்னார்.”

மனுவைப் படித்தவர் கேட்டாராம்: “நீங்க வாங்கினதா உங்க அண்ணன் சொல்றாரு, அதை நீங்களே எழுதிக் கொடுக்கறீங்க. அப்புறம் என்னம்மா புகார்?”

அக்கா தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, நான் சொன்னது ஒன்னு, இதுல இருக்கறது வேறயா?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அதில் இரண்டுமே இருக்கிறது. படித்தவர் மேல் தப்பில்லை, எழுதியவர் மேலும் பெரிய தப்பில்லை. சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவன் நான். அங்கே படித்த ஒரு விஷயம் ஒரு குடும்பச் சண்டையின் நடுவில் இப்படி வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

சிக்கல் ‘என்று’வில் இருக்கிறது. ‘என்’ என்ற வினையடிக்கு ‘சொல்லு’ என்று பொருள். ‘என்றான்’ என்பதிலே அது இன்னும் முழு வினையாக இருக்கிறது. அதன் வினையெச்சம்தான் ‘என்று’, பேச்சில் ‘ன்னு’. அதன் முன்னால் அடுத்தவர் பேச்சை அப்படியே வைக்கலாம். அப்போது ‘நான்’ அண்ணன். நம் பார்வையில் மாற்றியும் வைக்கலாம். அப்போது ‘நான்’ அக்கா. ‘என்று’ இரண்டுக்கும் கதவு திறக்கும். பேசும்போது குழப்பமே வராது. அக்கா அண்ணன் குரலை இழுத்துப் பேசிக் காட்டுவார், கையை ஆட்டுவார், யாருடைய ‘நான்’ என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். தாளில் அந்தக் குரல் இல்லை. மேற்கோள் குறி போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம், கையால் எழுதும் மனுவில் யார் போடுகிறார்கள்?

இன்னொரு வழி ‘-ஆக’. “நான் வாங்கியதாக அண்ணன் சொன்னார்” என்று எழுதிப் பாருங்கள். இதில் ‘நான்’ அக்காவைத் தவிர வேறு யாரும் இல்லை. ‘வாங்கியதாக’ என்றதும் அண்ணனின் வாய்ச்சொல் போய்விடுகிறது, செய்தி மட்டும் நிற்கிறது. சந்தேகமான வாக்கியத்தைச் சோதிக்க இதுவே சுலபமான வழி. ‘என்று’வை எடுத்துவிட்டு ‘-ஆக’ போடுங்கள். பொருள் மாறினால் உங்கள் ‘நான்’ அடுத்தவருடையது.

சரி, அண்ணன்தான் வாங்கினார் என்று எப்படி எழுதுவது? “அவர் வாங்கியதாக அண்ணன் சொன்னார்” என்றால் அந்த ‘அவர்’ மாமாவாகவும் இருக்கலாம், குடிவந்தவராகவும் இருக்கலாம். இங்கேதான் தமிழ் நமக்கு ஒரு தனிச் சொல்லைத் தருகிறது: “அட்வான்ஸைத் தான் வாங்கியதாக அண்ணன் சொன்னார்.” இந்தத் ‘தான்’ யாருடைய வாயிலிருந்து செய்தி வருகிறதோ அவரையே சுட்டும். சொல்வதற்கு மட்டுமில்லை, நினைப்பதற்கும் பயப்படுவதற்கும்கூட. “தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அக்காவுக்குத் தோன்றியது” என்கிறோம். ‘அக்காவுக்கு’ எழுவாய் வேற்றுமையில்கூட இல்லை. ஆனாலும் ‘தன்னை’ அவரிடமே போகிறது, ஏனென்றால் நினைப்பு அவருடையது.

மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவிலும் டோகோவிலும் பேசப்படும் ஏவே மொழியில் இந்த வேலைக்கென்றே ஒரு பிரதிப்பெயர் இருக்கிறது. ‘கோஃபி பெ யெட்ஸோ’ என்றால், கோஃபி தான் கிளம்பியதாகச் சொன்னான். ‘கோஃபி பெ எட்ஸோ’ என்றால், வேறு யாரோ கிளம்பியதாகச் சொன்னான். ‘யெ’வுக்கும் ‘எ’வுக்கும் நடுவில் ஆளே மாறிவிடுகிறார். இப்படிப்பட்ட பிரதிப்பெயர்களுக்கு ‘லோகோஃபோரிக்’ என்று 1974-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் குளோத் அஜேஜ். அடுத்த ஆண்டு ஏவே மொழியின் ‘யெ’வை விரிவாக எழுதியவர் ஜார்ஜ் கிளெமென்ட்ஸ். பிரெஞ்சு மொழியில் இந்த வசதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் என் நண்பரைக் கேட்டேன். அவர் வாங்கினார் என்று அவர் சொன்னார் என்பதற்கு அங்கே ‘அவர்’ என்று பொருள்படும் ‘இல்’தான் இரண்டு இடத்திலும் வரும், இரண்டும் ஒரே ஆளா என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். நம் ‘தான்’ அச்சு அசலாக ‘யெ’ இல்லை. “அவன் தன் வண்டியைத் துடைத்தான்” என்று பேச்சோ நினைப்போ இல்லாத இடத்திலும் வரும். ஆனால் ‘என்று’வுக்குள்ளும் ‘-ஆக’வுக்குள்ளும் வரும்போது இரண்டும் செய்வது ஒரே வேலை.

பள்ளிக்கூடத்தில் நேர்கூற்றை அயற்கூற்றாக்கும்போது ‘நான்’ போய் ‘தான்’ வரும், ‘நாளை’ போய் ‘மறுநாள்’ வரும் என்று அட்டவணை போட்டுப் படித்தோம். மனப்பாடமும் ஆனது, மதிப்பெண்ணும் வந்தது. அந்த மாற்றம் எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எழுத்தில் ‘தான்’ குறைந்து எல்லா இடத்திலும் ‘அவர்’ வந்து உட்கார்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது என்ற இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துவைக்கும் வசதி கையில் இருக்கிறது, நாமே அதைக் கீழே போடுகிறோம்.

‘தான்’ போட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஒரு இடைவெளி எல்லாவற்றையும் கவிழ்க்கும்.

“அண்ணன் தான் வாங்கியதாகச் சொன்னார்.”
“அண்ணன்தான் வாங்கியதாகச் சொன்னார்.”

முதலாவதில் சொன்னவரும் அண்ணன், வாங்கியவரும் அண்ணன். இரண்டாவதை, வாங்கியது வேறு யாருமில்லை அண்ணன்தான் என்று இன்னொருவர் சொன்னதாகப் படிக்கலாம். முதலாவது ஒப்புதல், இரண்டாவது குற்றச்சாட்டு. நாம் இடைவெளி விடுவதும் விடாததும் கைப்பழக்கம்தான், ஆகவே படிப்பவர் அதை நம்ப மாட்டார். நான் செய்வது இது: பிரதிப்பெயரான ‘தான்’ முன்னால் ஆள் பெயரை நிறுத்துவதில்லை. “அட்வான்ஸைத் தான் வாங்கியதாக” என்பதிலும் அதே தொல்லை ஒட்டிக்கொள்ளும், வாங்கியது அட்வான்ஸை மட்டும்தான் என்று படித்துவிடலாம். வாக்கியத்தைத் ‘தான்’ என்றே தொடங்கிவிட்டால் அந்த ஆபத்து போய்விடும்.

பன்மையில் இன்னொரு பள்ளம். “தாங்கள் வாங்கியதாக அவர்கள் சொல்கிறார்கள்” என்று ஓர் அதிகாரிக்கு எழுதினால், அவர் தன்னைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைப்பார். மனுவில் ‘தாங்கள்’ அவரை மரியாதையாக அழைக்கும் சொல்லாயிற்றே. அங்கே ஆட்களின் பெயரையே எழுதுவது நல்லது. பேச்சுக்குள் பேச்சு வந்தாலும் அப்படித்தான். “தன்னை ஏமாற்றியதாக அக்கா நினைப்பதாக வக்கீல் சொன்னார்” என்பதில் ஏமாந்தது அக்காவா வக்கீலா என்று தமிழால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

அக்காவின் மனுவைத் திருப்பி எழுதினோம். “தான் குடிவந்தவரிடம் 50,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியதாக என் அண்ணன் உறவினர்கள் முன்னிலையில் சொன்னார். நான் அதில் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.” இரண்டாவது வாக்கியம் அக்கா சேர்க்கச் சொன்னது. படித்துக் காட்டினேன். “இதுல ‘நான்’னா நான்தானே தம்பி?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.