வசைச்சொல் இல்லாத வசை

ஒருவரை இன்னொருவர் அவமதித்துவிட்டார் என்று புகார் எழும்போது விசாரிப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன வார்த்தை சொன்னார்?" என்பதுதான். தமிழைப் போன்ற மரியாதைப் படிகள் உள்ள மொழிகளில் இந்தக் கேள்வியே பாதி நியாயத்தை அடைத்துவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால், நம் மொழியில் ஒருவரைக் கீழே தள்ளுவதற்குக் கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. வினைச்சொல்லின் கடைசி ஓரிரு எழுத்துகளே போதும்.

"எப்போது வந்தாய்?", "எப்போது வந்தீர்கள்?" என்னும் இரண்டும் ஒரே கேள்விதான். கேட்கப்படும் செய்தியில் எள்ளளவும் வேறுபாடு இல்லை. ஆனால் "ஆய்" என்று முடிப்பதா, "ஈர்கள்" என்று முடிப்பதா என்பதைப் பேசுபவர் முடிவு செய்தே ஆக வேண்டும். முன்னிலையில் வரும் முற்றுவினைகளில் இரண்டுக்கும் நடுவே நிற்கும் பொதுவான விகுதி இன்றைய பெருவழக்கில் இல்லை. சில வட்டாரங்களிலும் இலங்கைத் தமிழிலும் "நீர்" என்பது இடைப்படியாக வழங்குகிறது என்றாலும், அதுவும் ஒரு படிதானே தவிர, படியே இல்லாத நிலை ஆகாது. ஆகவே, "நான் எதையும் நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது" என்று ஒருவர் சொல்வதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. வாயில் எது வந்தது என்பதே அவர் எதிரில் இருப்பவரை எங்கே வைத்திருக்கிறார் என்பதைக் காட்டிவிடுகிறது.

இந்தக் கட்டாயத்திலிருந்து தப்பிக்கவும் மொழி சில வழிகளை வைத்திருக்கிறது. வேண்டும், கூடாது, முடியும், இல்லை போன்ற சொற்களும், "லாம்" என்று முடியும் வடிவங்களும் யாரிடம் பேசினாலும் மாறுவதில்லை. "என்ன வேண்டும்?", "இங்கே உட்காரலாம்", "நாளைக்கு வரணும்" என்று பேசினால் மரியாதையும் சேராது, அவமரியாதையும் சேராது. வயதில் இளையவர் ஒருவர் பதவியில் மேலே இருக்கும்போதும், ஒரு காலத்தில் "வா, போ" என்று பழகியவர் இன்று உயர்ந்த நிலையில் எதிரே நிற்கும்போதும், பலர் தம்மை அறியாமலேயே இந்த வடிவங்களுக்குள் ஒதுங்கிக்கொள்வதைக் கவனித்தால் தெரியும். விகுதியின் கனம் எவ்வளவு என்பது பேசுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதற்கு இந்த ஒதுங்கலைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். "நீ" என்பது தன்னளவில் இழிவான சொல் அன்று. தாயை "நீ" என்கிறோம். கடவுளை "நீ" என்று விளித்துப் பாடுகிறோம். நெருங்கிய நண்பரைத் திடீரென்று "நீங்கள்" என்று அழைத்தால் அவர் மனம் புண்படுகிறார். அவமதிப்பு அந்த வடிவத்துக்குள் இல்லை, அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஒருவர் "நீ" என்று சொல்ல, மற்றவரும் பதிலுக்கு "நீ" என்று சொல்ல முடியும் என்றால் அது உறவு. ஒருவர் "வா" என்று சொல்லலாம், மற்றவர் "வாங்க" என்று மட்டும்தான் சொல்லலாம் என்றால், பேசத் தொடங்கும்போதே யார் மேலே, யார் கீழே என்பது அறிவிக்கப்பட்டுவிடுகிறது.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1917 மார்ச்சில், தொழிலாளர், படைவீரர் பிரதிநிதிகளின் மன்றமான பெட்ரோகிராட் சோவியத் வெளியிட்ட முதலாவது ஆணை, ரஷ்யப் படைவீரர்களின் உரிமைகளைப் பற்றியது. ஆயுதங்கள் யார் பொறுப்பில் இருக்க வேண்டும், படைப்பிரிவுகளில் குழுக்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பன போன்ற பெரிய விஷயங்களோடு சேர்த்து, எந்தப் பதவியில் உள்ள வீரரிடமும் முரட்டுத்தனமாக நடந்துகொள்வதும், குறிப்பாக அவர்களை "தி" என்று அழைப்பதும் தடை செய்யப்படுகிறது என்று அந்த ஆணை சொன்னது. ரஷ்ய மொழியில் "தி" நம்முடைய "நீ". "வி" நம்முடைய "நீங்கள்". அதுவரை அதிகாரிகள் வீரர்களைத் "தி" என்றே அழைத்தார்கள். வீரர்களோ அதிகாரிகளை மேதகு என்னும் பொருள்படும் பட்டங்களோடு விளிக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டங்களையும் அதே ஆணை ஒழித்தது. ஓர் அரசு கவிழ்ந்துகொண்டிருந்த நாட்களில், ஆயுதக் கிடங்கின் பொறுப்பை எழுதிய அதே தாளில் இந்த "நீ"யையும் எழுத வேண்டும் என்று அந்த வீரர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அவர்கள் அதை எவ்வளவு காலமாகச் சுமந்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த வேறுபாடு இருந்தது. 1603இல் ஆங்கிலேயக் கடலோடி சர் வால்டர் ராலே மீது நடந்த அரசத் துரோக வழக்கில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரைத் துரோகி என்றும் நச்சுப்பாம்பு என்றும் ஏசினார். அவை மட்டும் போதவில்லை போலும். "உன்னை நான் நீ என்றே அழைக்கிறேன்" என்னும் பொருளில் அதைத் தனியாக அறிவிக்கவும் செய்தார். "சர்" என்னும் வீரத்திருத்தகை பட்டம் பெற்ற ஒருவருக்கு உரிய பன்மையைப் பறிப்பது, துரோகி என்று ஏசுவதற்கு இணையான தண்டனையாக அங்கே நின்றது.

இனி அருகிலிருந்து நான் பார்த்த ஒன்று. நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்றில் குறைகேட்புக் குழு உறுப்பினராகச் சில காலம் இருந்தேன். துப்புரவுப் பணியில் இருந்த, ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார், தன் மகன் வயதுடைய மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் தன்னை அவமதித்துவிட்டதாகப் புகார் கொடுத்தார். மேற்பார்வையாளர் கேட்டதாக அந்த அம்மையார் வாய்மொழியாகச் சொன்னது இது: "மூணு நாளா ஏன் வரலை? யாருகிட்ட சொல்லிட்டுப் போனே?" குழுவின் பதிவேட்டில் எழுதப்பட்டதோ இது: "மூன்று நாட்களாக ஏன் வரவில்லை என்றும், யாரிடம் சொல்லிவிட்டுச் சென்றீர்கள் என்றும் மேற்பார்வையாளர் வினவியுள்ளார்." எழுதியவர் எந்தத் தீய எண்ணத்துடனும் அப்படி எழுதவில்லை. அலுவலக நடையில் எழுத வேண்டும் என்ற பழக்கத்தில், பேச்சைச் செம்மைப்படுத்தினார். அந்தச் செம்மையில் குற்றமே கரைந்துபோயிற்று. பதிவைப் படித்த குழுத் தலைவர், "மேற்பார்வையாளர் கேட்க வேண்டிய கேள்வியைத்தானே கேட்டிருக்கிறார், தகாத சொல் எதுவும் இல்லையே" என்றார். அந்தத் தாளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

அந்த இரண்டு கேள்விகளைச் சற்றே பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் கேள்வியில் உள்ள "வரலை" என்பது இல்லை என்னும் சொல்லோடு முடிவதால், அதில் மரியாதையைக் காட்டும் உறுப்பே கிடையாது. அதைப் பெரிய அதிகாரியிடமும் அப்படியே கேட்கலாம். காயம் முழுவதும் இரண்டாவது கேள்வியின் கடைசிச் சொல்லில், "போனீங்க" என்று வர வேண்டிய இடத்தில் "போனே" என்று வந்த ஒரே ஒரு விகுதியில் இருக்கிறது. பதிவு மாற்றி எழுதியதும் சரியாக அந்த ஓர் இடத்தைத்தான். அந்த அம்மையாரிடம், "அவர் வேறு ஏதாவது தவறாகப் பேசினாரா?" என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கு மேல என்ன பேசணும்?" என்றார். அவரிடம் எடுத்துக்காட்ட ஒரு வசைச்சொல் இல்லாததால், அவர் பொய் சொல்கிறார் என்பதைப் போன்ற ஒரு சூழல் அந்த அறையில் உருவானது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பின்னர், அன்று அங்கே இருந்த வேறு இருவரை அழைத்து, "அதே வேளையில் அவர் உங்களிடம் எப்படிப் பேசினார்?" என்று மட்டும் கேட்டோம். அந்த இருவரும் எழுத்தர்கள். மேற்பார்வையாளரைவிட வயதில் இளையவர்கள். "நீங்க போய் வேலையைப் பாருங்க" என்று தங்களிடம் சொன்னதாக இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதி வைத்தபோது, அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. இளையவர்களிடம் இயல்பாக வந்த "ங்க", மூத்தவரிடம் வராமல் போனதற்கு வாய்ப்பழக்கம் காரணமாக இருக்க முடியாது.

எல்லாத் தவறான விகுதியும் அவமதிப்பு ஆகாது என்பதற்கும் இதே ஒப்பீடுதான் துணை. தமிழைப் புதிதாகக் கற்றவர் "டாக்டர், நீ எப்போ வருவே?" என்று கேட்டுவிடலாம். ஆனால் அவர் மருத்துவரிடமும் காவலாளியிடமும் ஒரே மாதிரித் தவறுவார். திருத்திச் சொன்னால் திருத்திக்கொள்வார். ஆள் பார்த்துத் தவறுவது மொழி தெரியாதவரின் தவறு அன்று. ஜெர்மன் மொழியில் "டு" நம் "நீ"க்கும், "சீ" நம் "நீங்கள்" என்பதற்கும் ஏறக்குறைய ஒப்பானவை. காவலரை "டு" என்று அழைப்பது அங்கே சூழலைப் பொறுத்து அவமதிப்புக் குற்றமாகக்கூட ஆகலாம். 2006இல் ஹாம்பர்க் நீதிமன்றம் ஒன்றில், காவலரை அப்படி அழைத்த பிரபல இசைத் தயாரிப்பாளர் ஒருவர் விடுவிக்கப்பட்டார். அவர் எல்லோரையுமே அப்படித்தான் அழைப்பவர் என்பது அங்கே அவருக்குத் துணையாக நின்றது. தீர்ப்பை விரும்பாதவர்களும் இருக்கலாம், ஆனால் "இவர் மற்றவர்களிடம் எப்படிப் பேசுகிறார்?" என்ற கேள்வி சரியான கேள்வி என்றே நான் கருதுகிறேன்.

ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டே படர்க்கையில் இறக்குவது இதைவிடக் கொடியது. "இவன் சொல்றதை எழுதாதீங்க" என்று அருகிலிருப்பவரிடம் ஒருவர் சொல்லும்போது, அந்த "இவன்" தன்னோடு பேசப்படும் தகுதியையும் இழந்துவிடுகிறார். பதில் சொல்லவும் அவருக்கு இடமில்லை, ஏனென்றால் பேச்சு அவரை நோக்கியதே அன்று. எழுத்திலும் இது நடக்கிறது. குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாத ஒருவரைப் பற்றி, முதல் பத்தியில் "பணியாற்றி வந்தார்" என்று தொடங்கும் செய்தி, கைது என்ற சொல் வந்தவுடன் "தப்பி ஓடினான்" என்று மாறிவிடுவதைப் பலமுறை படித்திருக்கிறேன். நீதிமன்றம் சொல்ல வேண்டியதை விகுதி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

புகாரைப் பதிவு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது கடினமான ஒன்றன்று. சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடியே, பேச்சு வழக்கிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "என்று" என்னும் சொல் நம் மொழியில் இருக்கிறது. அதற்கு முன்னால் யார் பேச்சையும் ஓரெழுத்து மாறாமல் வைக்க முடியும். அதன் கீழே, அதே இடத்தில் அதே நபர் வேறொருவரிடம் பேசிய ஒரு வாக்கியத்தையும் கேட்டு எழுதுங்கள். இருவர் வயதையும் பதவியையும் பக்கத்தில் குறியுங்கள். அதன் பிறகு, "தகாத சொல் பயன்படுத்தப்பட்டதா?" என்னும் கட்டத்தில் இல்லை என்று எழுத உங்கள் கை முன்வருகிறதா என்று பாருங்கள்.