குர்தி வாங்கும்போது இடுப்பை மறந்துவிடுங்கள்

என் அளவைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். மார்பு 34, இடை 29, அதற்குக் கீழே இடுப்பின் அகலமான இடத்தில் 42 அங்குலம். உயரம் ஐந்தடி இரண்டு. இந்த உடம்புக்கு பேரிக்காய் வடிவம் என்று பெயராம். கொடைக்கானல் போனால் அதைத் தேடித் தேடி வாங்கித் தின்பேன், அந்தப் பாசமோ என்னவோ.

இருபது வருஷமாக எனக்குக் கிடைத்த ஒரே அறிவுரை, “பெருசா, லூஸா, நீளமா போட்டு மறைச்சுக்கோ”. அம்மா சொன்னார், நாத்தனார் சொன்னார், துணிக்கடைப் பெண்ணும் “எக்ஸ் எக்ஸ் எல் எடுங்க மேடம், ஃப்ரீயா இருக்கும்” என்றாள். நானும் அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தேன். என் கருத்தில் நமக்குக் கிடைப்பதிலேயே மோசமான அறிவுரை இதுதான்.

புடவையில் எனக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ரவிக்கை மேலுடம்பின் அளவுக்குத் தைத்தது. கீழே சுற்றுவது அளவே இல்லாத துணி. அதாவது மேலுக்கு ஒரு கணக்கு, கீழுக்கு வேறு கணக்கு. குர்தியோ ஒரே உடுப்பாக இரண்டையும் மூடப் பார்க்கிறது. கடைக்காரர் அளவெல்லாம் மார்பை வைத்துப் போடுவது. மார்பைவிட சீட் அளவு, அதாவது இடுப்பின் அகலமான இடத்துச் சுற்று, இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கும் என்று ஒரு உத்தேசம். எனக்கு அந்த வித்தியாசம் எட்டு.

போன தீபாவளிக்கு முன்னால் இப்படி 42-க்குப் பொருந்துகிற குர்தி ஒன்றை வாங்கி, எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் ஆல்டரேஷனுக்குக் கொண்டுபோனேன். “சைடு மட்டும் பிடிச்சுக் குடுங்கக்கா” என்றேன். அக்கா அதைப் போட்டுக்காட்டச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். மொத்தக் குர்தியும் என்னோடு சேர்ந்து மேலே ஏறியது.

“சைடுல என்னத்த பிடிக்கிறது? ஷோல்டர் பதினஞ்சரை இருக்கு, உனக்குப் பதினாலுதான். கைக்குழி கீழ தொங்குது. இதச் சரி பண்ணணும்னா கையப் பிரிச்சு திரும்ப வெட்டணும். அதுக்கு நீ புதுசே தைச்சுக்கலாம்” என்றார்.

பிறகு அதே ரகத்தில் எம் சைஸ் வாங்கி வரச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஆனாலும் மாற்றி வாங்கி வந்தேன். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. மார்புக்கு 38, நாலு அங்குலம் லூஸ், வசதிதான். கீழேதான் வம்பு. தொடைக்கு மேலே குறுக்குவாட்டில் மடிப்பு மடிப்பாக இழுத்தது, சைடு ஓப்பன் இரண்டு பக்கமும் கூடாரத் திரை போலப் பிரிந்து நின்றது. துணி அங்கே போதவில்லை என்பதற்கு இந்த இரண்டும்தான் அடையாளம்.

அக்கா டேப்பை எடுத்து, இடைக்கு நாலு அங்குலம் கீழே ஒரு சுற்று அளந்தார். 37. குர்தியோ அந்த உயரத்தில் 40 இருந்தது. அதாவது அதுவரைக்கும் எம் சைஸ் எனக்குத் தாராளம். அதற்குக் கீழேதான் நான் விரிகிறேன். குர்தியின் ஓப்பன் தோளிலிருந்து 22 அங்குலத்தில் ஆரம்பித்திருந்தது, என் அகலமான இடத்தை அது நெருங்கும்வரை துணி மூடியே இருந்தது. அக்கா தையலைப் பிரித்து அதை 19-க்கு ஏற்றினார். ஓரத்துக்கு உள்பக்கம் பட்டி வைத்து அடித்தார். வண்டியில் ஏறும்போது கிழியாமல் இருக்க ஓப்பன் முனையில் குறுக்கே நாலு தையல் போட்டார். அவ்வளவுதான். முன்துணியும் பின்துணியும் தனித்தனியாக நேரே விழுந்தன. இடுப்பு இருந்த இடத்திலேயேதான் இருந்தது, யாரும் மறைக்கவில்லை. ஆனால் தோளும் இடையும் தெரிய ஆரம்பித்ததும் கீழே கனமாகத் தெரியவில்லை.

ஒரு கண்டிஷன் உண்டு. ஓப்பனை ஏற்றினால் பேண்ட் இடையில் நிற்கவேண்டும், கீழே இறங்கினால் பக்கவாட்டில் உடம்பு தெரியும். லெகிங்ஸும் ஆகாது. ஓப்பன் வழியே தொடை வடிவம் அப்படியே தெரியும், கணுக்காலில் போய்க் குறுகும். மேலே அகலம், கீழே குறுகல் என்று பேரிக்காயைக் கோடு போட்டுக் காட்டுகிற வேலை அது. சிகரெட் பேண்டும் அதே கதைதான். எனக்குச் சரியாக வருவது தொடையின் அகலமான இடத்திலிருந்து நேராக விழுகிற ஸ்ட்ரெயிட் பேண்ட். கால்வாய்ச் சுற்று 17 அங்குலம் வைத்துத் தைக்கிறார் அக்கா. பலாஸோ பரவாயில்லை, ஆனால் என் உயரத்துக்குக் கொஞ்சம் மூழ்கடிக்கிறது.

பேண்டில் கணக்கு தலைகீழ். இங்கே சீட்டுக்குப் பொருந்துவதைத்தான் வாங்கவேண்டும். இடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குனிந்தால் பின்பக்கம் கை நுழைகிற அளவு இடைவெளி விழுமே, அதைப் பெல்ட் போட்டு இறுக்கினால் சுருங்கித்தான் நிற்கும். நடுத்தையலில் மொத்தமாகப் பிடித்தால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றை ஒன்று முத்தமிடும். இடைப்பட்டியைக் கழற்றி, பின்னால் இரண்டு பக்கமும் கூம்பு மடிப்பாக ஆளுக்கொரு டாட் பிடித்து, பட்டியை மறுபடி தைக்கவேண்டும். ஆசனம், அதாவது இடையிலிருந்து கவட்டைவரை உள்ள உயரம், மட்டும் குறைவாக இருந்தால் அந்தப் பேண்டை வாங்கவே வேண்டாம். உட்கார்ந்தவுடன் பின்னால் இறங்கும், அதற்கு ஆல்டரேஷனே கிடையாது. பக்கவாட்டுச் சாய்வுப் பாக்கெட் காது மாதிரி விரிந்து நின்றால், வாயைத் தைத்து மூடிவிடுங்கள். எப்படியும் அதில் போன் நுழையாது.

துணிக்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கையை முஷ்டி பிடித்து, அதன்மேல் துணியைப் போட்டுப் பார்ப்பேன். விரல் முட்டி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிந்தால் அது இடுப்பிலும் அப்படித்தான் ஒட்டும். மெல்லிய ரேயான் இதில் தோற்றுவிடும். மங்களகிரி காட்டன், கொஞ்சம் விறைப்பான கைத்தறி எல்லாம் முட்டிமேல் கூரை போட்ட மாதிரி நிற்கும். ஆனால் ரொம்ப விறைத்துப்போன கஞ்சித் துணியும் வேண்டாம், ஓப்பன் சிறகு விரித்துக்கொள்ளும். பேண்ட் துணி எப்போதும் குர்தியைவிட ஒரு பிடி கனமாக இருக்கட்டும்.

கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். கையைத் தொங்கவிட்டு நின்று கண்ணாடியைப் பாருங்கள். முழங்கை இடைக்கு நேரே நிற்கும், மணிக்கட்டு இடுப்பின் அகலமான இடத்துக்கு நேரே. அதனால் மணி மாதிரி விரிகிற முழுக்கையும் அதன் ஓரத்தில் தடித்த பார்டரும் வைத்தால், இடுப்புக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு இடுப்பு முளைக்கும். முழங்கைவரை கை வைத்து, பார்டரை அங்கே முடித்தால் கண் இடையில் நிற்கும். போட் நெக் தோளை அகலமாகக் காட்டும், எனக்குப் பிடிக்கும். பஃப் கை போட்டால் மட்டும் ஆண்டுவிழா நாடகத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கிறேன்.

நீளத்தில் 26, 28 அங்குல ஷார்ட் குர்தியிடம் ஜாக்கிரதை. என் உயரத்துக்கு அது சரியாகத் தொடையின் அகலமான இடத்தில் வந்து முடிந்து, அங்கே ஒரு குறுக்குக் கோடு போடும். ஒன்று 20 அங்குலத்துக்குள்ளேயே முடியட்டும், இல்லை முழங்காலைத் தாண்டட்டும்.

கறுப்புப் பேண்டே கதி என்ற விதியையும் விட்டுவிட்டேன். கட் சரியாக இருந்தால் கடுகு மஞ்சளும் நன்றாகத்தான் இருக்கிறது. நாத்தனார் போன வாரம் பார்த்துவிட்டு, “இளைச்சிட்டியா என்ன?” என்று கேட்டார். டேப் இன்னும் 42 என்றுதான் சொல்கிறது. அக்காவின் நோட்டில் என் பெயருக்கு எதிரே இப்போது “ஓப்பன் 19, பின்னாடி ரெண்டு டாட்” என்று எழுதியிருக்கிறது. அந்த எக்ஸ் எக்ஸ் எல் குர்திகளில் மூன்றை நைட்டியாக்கிவிட்டேன்.