ஓ.பி. ஆன்டிபயாடிக் ஆடிட்: முதலில் சரிசெய்ய வேண்டியது சீட்டு எடுக்கும் முறையை

போன வாரம் ஒரு பி.ஜி. மாணவி தன் ஆடிட் புரொபோசலைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் பொது மருத்துவ ஓ.பி.யில் ஆன்டிபயாடிக் எழுதுவது வழிகாட்டு நெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் திட்டம். உழைத்து எழுதியிருந்தார். ஆனால் இந்த வகை புரொபோசல்களில் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் ஒரு கோளாறு இதிலும் இருந்தது. அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இறங்கப் போகிற மற்றவர்களுக்கும் உதவும்.

அவருடைய திட்டம் இதுதான்: மருந்து கவுன்டருக்கு வரும் சீட்டுகளில் ஆன்டிபயாடிக் எழுதியவற்றை மட்டும் எடுப்பது. மருந்து, அளவு, எத்தனை நாள் என்ற மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிச் சீட்டை எடுத்தால், ஆன்டிபயாடிக் தேவையே இல்லாதவருக்கு எழுதியது ஆடிட்டின் கண்ணில் படாது. ஓ.பி.யில் நடக்கும் பெரிய தவறு அதுதான்.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். 28 வயதுப் பெண். இரண்டு நாளாகத் தொண்டை வலி, காய்ச்சல், மூக்கு ஒழுகுதல், இருமல். டாக்டர் எழுதியது அசித்ரோமைசின் 500 மி.கி., தினம் ஒன்று, 3 நாள். கூடவே பாரசிட்டமாலும் செடிரிசினும். மாணவியின் படிவத்தில் இந்தச் சீட்டைப் போட்டுப் பாருங்கள். மருந்து, வழிகாட்டு நெறி ஏட்டின் மாற்று மருந்துகளில் இருக்கிறது, சரி. அளவு சரி. நாளும் வழக்கமாக எழுதுவதுதான், சரி. மூன்றுக்கு மூன்று!

இப்போது அதே பெண்ணைச் சென்டர் மதிப்பெண்ணில் வைத்துப் பார்ப்போம். தொண்டை வலி ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வந்ததாக இருக்குமா என்று கணிக்க உதவுவது அது. அதில் நாலே கேள்விகள். காய்ச்சல் உண்டா, டான்சிலில் சீழ்ப் படலம் உண்டா, கழுத்தின் முன்பக்கம் நெறிக்கட்டி வீங்கித் தொட்டால் வலிக்கிறதா, இருமல் இல்லாமல் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பிறகு வந்த திருத்தத்தில் 3 முதல் 14 வயது வரை ஒன்று கூடும், 45 வயதிலிருந்து ஒன்று குறையும். இந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் உண்டு, இருமலும் இருக்கிறது. டான்சிலிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1. இருமலும் மூக்கொழுகலும் வைரஸ் பக்கம்தான் காட்டுகின்றன. இவருக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம். மூன்றுக்கு மூன்று வாங்கிய சீட்டு, உண்மையில் பூஜ்யம்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கற்பனையாக 100 தொண்டை வலி நோயாளிகள். ஆன்டிபயாடிக் உண்மையில் தேவைப்படுபவர்கள் 15 பேர். எழுதப்பட்டது 60 பேருக்கு, அந்த 15 பேரும் அதில் அடக்கம். அறுபதில் 50 சீட்டுகளில் மருந்தும் அளவும் நாளும் ஏட்டில் உள்ளபடி. முதல் முறையில் ஆடிட் செய்தால் அறிக்கை "83 சதவீதம் சரி" என்று சொல்லும், துறைத்தலைவரும் கையெழுத்துப் போடுவார். நூறு பேரையும் எடுத்திருந்தால், கொடுத்த 15ம் கொடுக்காமல் விட்ட 40ம் சேர்த்து முடிவு சரியாக இருந்தது 55 பேருக்குத்தான் என்று தெரியும். தேவையில்லாமல் வாங்கிப்போன 45 பேர் முதல் அறிக்கையில் எங்கேயுமே இல்லை.

அதனால் நான் சொன்னது: மருந்தை வைத்துச் சீட்டை எடுக்காதே, தொந்தரவை வைத்து எடு. தொண்டை வலி என்று வந்த எல்லோரும், ஆன்டிபயாடிக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கணக்கில் வர வேண்டும். எல்லா நோயையும் ஒரே ஆடிட்டில் பார்க்க வேண்டாம். தொண்டை வலி ஒன்று போதும், சுமார் 100 பேர் போதும். அந்த எண்ணிக்கையில் கிடைக்கும் சதவீதம் பத்துப் புள்ளி முன்னே பின்னே இருக்கும். ஒரு துறை தன் நிலைமையைத் தெரிந்துகொள்ள அது தாராளம். திங்கட்கிழமைக் கூட்டத்தையும் வாரக் கடைசியையும் சேர்த்து, ஐந்தில் ஒருவர் என்பது போல ஒழுங்காக எடுக்க வேண்டும்.

"மேடம், அதுக்கு ஓ.பி. சீட்டு வேணுமே, பேஷன்ட் கையோட எடுத்துட்டுப் போயிடுறாங்களே" என்றார். நியாயமான கேள்வி. நம் ஓ.பி.யில் சீட்டு நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும், ஆறு மாதம் கழித்து ரெக்கார்ட் ரூமில் தேட ஒன்றும் இருக்காது. அன்றைக்கே, நோயாளி டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் இடத்திலேயே சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கவுன்டரில் போய் நின்றால் மாத்திரை எழுதாமல் அனுப்பப்பட்டவர்கள் விட்டுப்போவார்கள். குறிப்பில் டாக்டரின் பெயர் வேண்டாம். எழுதும் டாக்டர்களுக்கு ஆடிட் நடப்பது தெரிந்தால் முதல் சில நாள் கை கொஞ்சம் அடங்கும். அந்த நாட்களின் சீட்டுகளைத் தனியாகக் குறித்துவைத்துப் பிறகு ஒப்பிட்டால், வித்தியாசம் உண்டா என்று தெரிந்துவிடும்.

அடுத்த சிக்கல்தான் உண்மையில் கஷ்டமானது. சீட்டில் மூச்சுப்பாதைத் தொற்று என்பதற்கு "ஏ.ஆர்.ஐ." என்று மூன்றெழுத்து, கீழே மருந்து, அவ்வளவுதான் இருக்கும். டான்சில் எப்படி இருந்தது, கழுத்தில் நெறிக்கட்டி இருந்ததா, எதுவும் இருக்காது. 200 பேர் வரிசையில் நிற்கும்போது எழுத நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். இந்தச் சீட்டுகளை என்ன செய்வது? தூக்கிப் போட்டால் நன்றாக எழுதியவர்களின் சீட்டு மட்டும் மிஞ்சும், சதவீதம் பொய்யாக ஏறும். டாக்டர் யோசித்துத்தான் கொடுத்திருப்பார் என்று சரியில் சேர்த்தாலும் அதே கதைதான். "மதிப்பிட முடியவில்லை" என்று மூன்றாவதாக ஒரு கட்டம் வைத்து, அதில் எத்தனை விழுந்தது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும். ஆன்டிபயாடிக் எழுதினால் காரணத்தையும் எழுதுங்கள் என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. அது நடக்கிறதா என்பதற்கும் இந்த ஒரு எண்ணே பதில்.

வழிகாட்டு நெறி எது என்பதையும் புரொபோசலிலேயே ஒன்றாகக் கட்டிவிட வேண்டும். மத்திய அரசு அமைப்புகளான ஐ.சி.எம்.ஆரின் 2019 பதிப்பா, என்.சி.டி.சி.யின் 2016 பதிப்பா, மருத்துவமனையின் சொந்த ஏடா? மூன்றையும் போட்டுவிட்டு எதற்குப் பொருந்துகிறதோ அதை எடுப்பது சரியில்லை. அதிலும் விலக்கு உண்டு. ருமாட்டிக் இதய நோய் உள்ளவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், தொண்டையில் சீழ்க்கட்டி உள்ளவர், இவர்களை மதிப்பெண்ணை வைத்து அளக்கக் கூடாது. மதிப்பெண் 4 வந்தவர்களிலும் சுமார் பாதிப் பேருக்குத்தான் ஸ்ட்ரெப் கிருமி இருக்கும். உடனடிப் பரிசோதனை வசதி நம் ஓ.பி.க்களில் பெரும்பாலும் கிடையாது. ஆகவே 3, 4 வந்தவருக்குக் கொடுத்ததைத் தவறென்று போடாதே என்றேன். 0, 1 வந்தவருக்குக் கொடுத்திருந்தால் அது தவறுதான். நடுவில் உள்ள 2க்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் முடிவு செய்யட்டும்.

நாள் கணக்கில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஸ்ட்ரெப் தொண்டைக்கு அமாக்சிசிலின் 10 நாள் கொடுப்பது ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்கத்தான். டாக்டர் பத்து நாள் எழுதினாலும் பல இலவசக் கவுன்டர்களில் ஒரு தடவைக்கு மூன்று நாள், ஐந்து நாள் மாத்திரைதான் கிடைக்கும். மிச்சத்துக்குத் திரும்ப வர வேண்டும், தாம்பரத்திலிருந்து வருபவர் அதற்காக இன்னொரு நாள் கூலியை விடுவாரா? எழுதிய நாள், கையில் கிடைத்த நாள் என்று படிவத்தில் இரண்டு கட்டம் வேண்டும். இல்லாவிட்டால் கவுன்டர் விதியின் பழி டாக்டர் தலையில் விழும், திருத்த வேண்டிய இடமும் தெரியாமல் போகும்.

அப்புறம் இரண்டாவது சுற்று. மாணவி முதல் சுற்றை ஜூனிலும், துறையில் முடிவைச் சொன்ன பிறகு அடுத்ததை நவம்பரிலும் வைத்திருந்தார். நவம்பர் நமக்கு அடைமழை, ஓ.பி. முழுக்கக் காய்ச்சல். கூட்டமும் வேறு, டெங்குவோ என்ற பயமும் வேறு. எண் ஏறினாலும் இறங்கினாலும் காரணம் தெரியாது. அடுத்த ஜூனிலேயே வை, படிப்பு முடிவதற்குள் வந்துவிடும் என்று சொன்னேன். படிவத்தை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். எதிக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன் 20 சீட்டில் ஓட்டிப் பார்த்து, எத்தனை "மதிப்பிட முடியவில்லை"யில் விழுகிறது என்று எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பாதிக்கு மேல் விழுந்தால், முதலில் சீட்டில் அந்த நாலு கேள்விக்கும் டிக் போட ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்துவிட்டுத்தான் ஆடிட்டையே தொடங்க வேண்டியிருக்கும்.